போக்குவரத்து அட்டவணையில் நிரம்பிய கலங்கள் குறைந்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால்தான் இது பிடிபடும். தேயிலைத் தோட்டமொன்றில் மேல், நடு, கீழ் என்று மூன்று டிவிசன். பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, லொறியில் மூன்று பக்டரிகளுக்குப் போகிறது. ஒரு அலகு என்றால் 100 கிலோ கொழுந்து. கலத்துக்குள் இருப்பது ஒரு கிலோவை ஏற்றிச்செல்ல ஆகும் ரூபா. எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை. எந்தத் தோட்டத்தின் லொறிக் கணக்கும் அல்ல.

| | பக்டரி 1 | பக்டரி 2 | பக்டரி 3 | வரத்து |
|---|---|---|---|---|
| மேல் | 5 | 3 | 6 | 20 |
| நடு | 4 | 6 | 5 | 30 |
| கீழ் | 7 | 2 | 6 | 25 |
| தேவை | 20 | 18 | 37 | 75 |

மேல் இடது மூலைக் கலத்தில் தொடங்கி நிரப்பிக்கொண்டு போகும் வடமேற்கு மூலை முறையில் போட்டேன், நாலு கலம்தான் நிரம்பியது. எங்கே பிழை விட்டேன்?

பிழை இல்லை. முதல் கலத்தில் மேல் டிவிசனின் 20-ஐ பக்டரி 1-க்குக் கொடுத்ததும் அந்த நிரையும் தீர்ந்தது, அந்த நிரலும் தீர்ந்தது. வழமையாக ஒரு கலத்தை நிரப்பினால் ஒரு நிரையோ ஒரு நிரலோதான் அடைபடும். இங்கே ஒரே அடியில் இரண்டும் அடைபட்டதால் ஒரு கலம் குறைந்துபோனது. மிச்சம்: நடு–2-இல் 18, நடு–3-இல் 12, கீழ்–3-இல் 25. மொத்தம் நாலு கலம்.

நிரை m, நிரல் n என்றால் நிரம்பியிருக்க வேண்டிய கலம் m + n − 1, அதாவது 3 + 3 − 1 = 5. ஒன்று குறைகிறது. இதைத்தான் சிதைவு என்கிறோம். வகுப்பில் பலரும் டிஜெனரசி என்றே சொல்வார்கள். திட்டம் செல்லுபடியானதுதான், கொழுந்து முழுவதும் போய்ச் சேர்கிறது. செலவு 20×5 + 18×6 + 12×5 + 25×6 = 418, அதை 100-ஆல் பெருக்கினால் 41,800 ரூபா. சிக்கல் அடுத்த படியில்தான், இது சிறந்த திட்டமா என்று சோதிக்கப் போகும்போது.

நாலு கலம் போதாது என்று ஏன் சொல்கிறார்கள்? கொழுந்து போய்ச் சேர்ந்தால் சரிதானே?

சோதனைக்கு ஒவ்வொரு நிரைக்கும் ஒரு u, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு v வேண்டும். நிரம்பிய கலம் ஒவ்வொன்றும் `u + v = செலவு` என்ற ஒரு சமன்பாட்டைத் தருகிறது. கண்டுபிடிக்க வேண்டியவை ஆறு. அதில் ஒன்றை நாமாகவே 0 என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் ஐந்துக்கு ஐந்து சமன்பாடு வேண்டும். கையில் நாலுதான் இருக்கிறது.

செய்து பாருங்கள். u1 = 0 என்று தொடங்கினால் மேல்–1 கலத்தால் v1 = 5 வரும். அதோடு வழி முடிந்தது. பக்டரி 1-க்குக் கொழுந்து தருவது மேல் டிவிசன் மட்டும். மேல் டிவிசன் அனுப்புவதும் அந்த ஒரு பக்டரிக்கு மட்டும். ஆகவே அட்டவணை இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டில் மேல் டிவிசனும் பக்டரி 1-உம். மற்றத் துண்டில் நடுவும் கீழும், பக்டரி 2-உம் 3-உம். ஒரு துண்டிலிருந்து மற்றதற்குப் போகப் பாலம் இல்லை.

இந்தத் துண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ε என்று ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். அது எத்தனை கிலோ?

கிலோவே இல்லை. எப்சிலன் என்பது பூச்சியத்தைவிடக் கொஞ்சம் பெரியது, எந்த உண்மையான அளவையும்விடச் சிறியது என்று வைத்துக்கொள்ளும் ஒரு குறி. அதனால் கணக்கு இப்படிப் போகும்: 18 + ε = 18, 18 − ε = 18, ε − ε = 0. லொறியில் அதற்காக ஒரு கொழுந்தும் ஏறாது. செலவிலும் அது சேராது. அது செய்வது ஒரே வேலை: கலத்தை நிரம்பிய கலமாகக் கணக்கில் சேர்க்க வைத்து, இரண்டு துண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்பது.

சிலர் ε-க்குப் பதிலாக 0 என்றே எழுதுவார்கள். கருத்தில் தவறில்லை. ஆனால் இரண்டு படி தாண்டியதும் அது வெற்றுக் கலமா, வேண்டுமென்றே வைத்த 0-ஆ என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். ε என்று எழுதுவதே நல்லது.

குறைந்த செலவுள்ள வெற்றுக் கலத்தில் போடச் சொன்னார்கள். கீழ்–2-இல் 2 ரூபாதான். அங்கே போட்டேன், u, v வரவில்லை. ஏன்?

பரீட்சையில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். விதியின் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. முழு விதி: *சுற்று உண்டாக்காத* வெற்றுக் கலங்களில் செலவு குறைந்ததைத் தெரிவு செய்ய வேண்டும்.

கீழ்–2-இல் ε வைத்தால், அங்கிருந்து கீழ்–3-க்கும், அதிலிருந்து நடு–3-க்கும், அதிலிருந்து நடு–2-க்கும் போய், திரும்பக் கீழ்–2-க்கே வந்துவிடலாம். நிரை வழியாக ஒன்று, நிரல் வழியாக ஒன்று என்று மாறி மாறி நடந்து தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது சுற்று. நான்கு மூலையும் ஒரே துண்டுக்குள் கிடக்கின்றன. ஏற்கெனவே இணைந்திருந்தவர்களுக்கு நடுவே இன்னொரு பாலத்தைக் கட்டியிருக்கிறீர்கள். மேல் டிவிசன் தனியாகவே நிற்கிறது.

எண்ணிலும் அது தெரியும். u2 = 0 என்று வைத்தால் v2 = 6, v3 = 5. கீழ்–3-இல் செலவு 6 என்பதால் u3 = 1. இப்போது கீழ்–2-இல் u3 + v2 = 7 வருகிறது; அங்கே செலவோ 2. இரண்டும் ஒத்துவராது. u1-உம் v1-உம் வரவே இல்லை. ஒரு பக்கம் முரண்பாடு, மறுபக்கம் வெற்றிடம்: இந்த இரண்டையும் ஒன்றாகக் கண்டால் ε தப்பான இடத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். கலத்தை எண்ணினால் ஐந்து சரியாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

அப்படியானால் எந்தக் கலம் சரி என்று ஒவ்வொன்றுக்கும் சுற்றுத் தேடிப் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. துண்டுகளை எழுதிவிட்டால் போதும். ஒரு துண்டின் நிரையும் மற்றத் துண்டின் நிரலும் சந்திக்கும் வெற்றுக் கலம் எதுவானாலும் செல்லும்.

நம் கணக்கில் மேல் நிரை ஒரு துண்டு, பக்டரி 2-உம் 3-உம் மற்றத் துண்டு. ஆகவே மேல்–2, மேல்–3 சரி. அதேபோல நடு, கீழ் நிரைகள் பக்டரி 1-ஐச் சந்திக்கும் நடு–1, கீழ்–1 சரி. வெற்றுக் கலம் ஐந்தில் நான்கு செல்லும். செல்லாத ஒன்றே ஒன்று கீழ்–2. அதுதான் ஆகக் குறைந்த செலவுள்ள கலமாகவும் இருக்கிறது! பொதுவாக நல்ல வினாத்தாள் தயாரிப்பவர் இப்படித்தான் கண்ணி வைப்பார்.

துண்டு பிரிப்பதும் எளிது. ஒரு நிரையில் தொடங்குங்கள். அதில் நிரம்பிய கலங்களின் நிரல்களைக் குறியுங்கள். அந்த நிரல்களில் நிரம்பிய கலங்களின் நிரைகளைக் குறியுங்கள். புதிதாக எதுவும் வராதபோது அது ஒரு துண்டு. மிச்சத்தில் மறுபடி தொடங்குங்கள். மூன்று துண்டு வந்தால் இரண்டு ε வேண்டும், நான்கு வந்தால் மூன்று.

சரி, முழுக்கணக்கையும் ஒருமுறை செய்து காட்ட முடியுமா?

செல்லுபடியான நான்கில் செலவு குறைந்தது மேல்–2, 3 ரூபா. அங்கே ε.

u1 = 0 என்றால் v1 = 5, v2 = 3. நடு–2 கலம் 6 என்பதால் u2 = 3. நடு–3 கலம் 5 என்பதால் v3 = 2. கீழ்–3 கலம் 6 என்பதால் u3 = 4. எல்லாம் வந்துவிட்டது.

இனி வெற்றுக் கலங்களில் `செலவு − (u + v)` பார்க்க வேண்டும். மேல்–3-இல் 6 − 2 = 4. நடு–1-இல் 4 − 8 = −4. கீழ்–1-இல் 7 − 9 = −2. கீழ்–2-இல் 2 − 7 = −5. ஆகப் பெரிய மறை எண் கீழ்–2-இல். ε வைக்கக் கூடாது என்று விலக்கிய அதே கலம்தான். ஆனால் இப்போது அது உண்மையான கொழுந்தோடு உள்ளே வருகிறது, ஆகவே பிரச்சினை இல்லை.

சுற்று: கீழ்–2 கூட்டல், கீழ்–3 கழித்தல், நடு–3 கூட்டல், நடு–2 கழித்தல். கழிக்கும் கலங்களில் 25-உம் 18-உம் உள்ளன. சிறியது 18. அதை நகர்த்தினால் கீழ்–2 = 18, கீழ்–3 = 7, நடு–3 = 30. நடு–2 காலியாகி வெளியே போகிறது. ε இருந்த இடத்திலேயே இருக்கிறது. சேமிப்பு 18×5 = 90, செலவு 418-லிருந்து 328.

மறுபடி u, v. u1 = 0, v1 = 5, v2 = 3, u3 = −1, v3 = 7, u2 = −2. வெற்றுக் கலங்களில் நடு–1-க்கு 1, நடு–2-க்கு 5, கீழ்–1-க்கு 3. மேல்–3-க்கு 6 − 7 = −1. இன்னும் ஒரு மறை எண் மிச்சம்.

சுற்று: மேல்–3 கூட்டல், மேல்–2 கழித்தல், கீழ்–2 கூட்டல், கீழ்–3 கழித்தல். கழிக்கும் கலங்களில் இருப்பவை ε-உம் 7-உம். சிறியது ε. ஆகவே நகர்வதும் ε மட்டுமே. மேல்–2 காலியாகிறது, மேல்–3-இல் ε உட்காருகிறது. 18 + ε என்பது 18, 7 − ε என்பது 7.

இந்த முறை u1 = 0, v1 = 5, v3 = 6, u2 = −1, u3 = 0, v2 = 2. மேல்–2-க்கு 1, நடு–1-க்கு 0, நடு–2-க்கு 5, கீழ்–1-க்கு 2. மறை எண் எதுவும் இல்லை. முடிந்தது.

| | பக்டரி 1 | பக்டரி 2 | பக்டரி 3 |
|---|---|---|---|
| மேல் | 20 | – | ε |
| நடு | – | – | 30 |
| கீழ் | – | 18 | 7 |

விடை எழுதும்போது ε-ஐ அழித்துவிடுங்கள். செலவு 100 + 150 + 36 + 42 = 328, அதாவது 32,800 ரூபா.

கடைசிப் படியில் மறை எண் வந்தது, மாற்றினேன், செலவு ஒரு சதமும் குறையவில்லை. கணக்குப் பிழையா?

இல்லை. நகர்ந்த அளவு ε. சேமிப்பு ε × 1, அதாவது ஒன்றுமில்லை. கொழுந்துத் திட்டம் முந்திய படியிலேயே சிறந்ததாகிவிட்டது. ஆனால் பாலம் மேல்–2-இல் இருந்ததால் u, v எண்கள் அதைக் காட்டவில்லை. பாலத்தை மேல்–3-க்கு மாற்றியதும் அதே திட்டம், அதே செலவு, ஆனால் சோதனையில் தேறிவிட்டது.

இதிலிருந்து வரும் ஒரு விடயம் பாடநூல்களில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. சிதைந்த அட்டவணையில் மறை எண் கண்டதும் “திட்டம் சிறந்ததல்ல” என்று எழுதிவிடக் கூடாது. சுற்றைப் போட்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்த பின்னரே சொல்லலாம். எல்லாம் சுழியமோ நேரோ ஆனால் திட்டம் சிறந்தது என்பது எப்போதும் உண்மை. மறு திசையில் அப்படி உறுதி இல்லை.

செலவு குறையாத படியை வீண் என்று நினைத்துத் தாண்டவும் கூடாது. சில கணக்குகளில் ε இரண்டொரு முறை இடம் மாறிய பிறகே உண்மையான சேமிப்புள்ள சுற்று கிடைக்கும்.

நான் ε-ஐ நடு–1-இல் போட்டேன், நண்பன் மேல்–2-இல் போட்டான். யாருக்கு மார்க்ஸ்?

இருவருக்கும். நடு–1-இல் போட்டவருக்கு வேலை குறைவும்கூட. u2 = 0 வைத்துத் தொடங்கினால் முதல் சோதனையில் கீழ்–2-க்கு அதே −5 வரும், அதே 18 நகரும். அடுத்த சோதனையில் மேல்–2-க்கு 1, மேல்–3-க்கு 0, நடு–2-க்கு 5, கீழ்–1-க்கு 2. ஒரே சுற்றில் முடிந்தது, செலவு அதே 328.

மேல்–2-இன் செலவு 3, நடு–1-இன் செலவு 4. குறைந்ததைப் பிடித்தவருக்கு ஒரு படி கூடியது. செலவு குறைந்த கலம் என்பது கைப்பழக்கம். பெரும்பாலும் உதவும், உத்தரவாதம் இல்லை. சுற்று உண்டாகக் கூடாது என்பது மட்டும்தான் மீற முடியாத விதி.

விடையில் நடு–1-க்கு 0 வந்ததே, அதற்கு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு. அதே செலவில் இன்னொரு திட்டம் இருக்கிறது. நடு–1 கூட்டல், மேல்–1 கழித்தல், மேல்–3 கூட்டல், நடு–3 கழித்தல் என்று சுற்றினால் 20 நகரும். நடு டிவிசன் பக்டரி 1-க்கு 20-உம் பக்டரி 3-க்கு 10-உம் அனுப்பும். மேல் டிவிசனின் 20-உம் பக்டரி 3-க்குப் போகும். கீழ் டிவிசனில் மாற்றமில்லை. செலவு 80 + 50 + 120 + 36 + 42 = 328.

ε இருந்த மேல்–3-இல் 20 + ε வந்ததால் ε கரைந்துபோனது. நிரம்பிய கலம் உண்மையாகவே ஐந்து, சிதைவும் இல்லை. மேல் டிவிசன் லொறி எந்த ரோட்டில் போவது நல்லது என்று தெரிந்தவருக்கு இந்த இரண்டாவது திட்டம் கையில் இருப்பது நல்லதுதான்.

தொடக்கத்தில் ஐந்து கலம் சரியாக இருந்தது. நடுவில் ஒரு சுற்றுக்குப் பிறகு நாலாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

கழிக்கும் கலங்களில் இரண்டு ஒரே சிறிய அளவில் இருந்திருக்கும். நகர்த்தியதும் இரண்டும் ஒன்றாகக் காலியாகின்றன. உள்ளே வந்தது ஒன்று, வெளியே போனது இரண்டு.

நம் கணக்கிலேயே பக்டரி 2-இன் தேவை 25, பக்டரி 3-இன் தேவை 30 என்று மாற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் மேல்–1-இல் 20, மேல்–2-இல் ε, நடு–2-இல் 25, நடு–3-இல் 5, கீழ்–3-இல் 25. கீழ்–2 வழியாக 25 நகர்ந்ததும் நடு–2-உம் கீழ்–3-உம் ஒரே நேரத்தில் காலி.

இங்கே புதிய இடம் தேட வேண்டியதில்லை. காலியான இரண்டில் *ஒன்றை மட்டும்* வெளியே விட்டு, மற்றதில் ε வைத்துவிடுங்கள். அந்த இடம் சுற்று உண்டாக்காது என்பது உறுதி, ஏனென்றால் அது ஏற்கெனவே அங்கு நிரம்பிய கலமாக இருந்ததுதான். இரண்டின் செலவும் வேறாக இருந்தால் குறைந்ததை வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே இரண்டும் 6, எதுவும் சரி.

இப்போது அட்டவணையில் இரண்டு ε. ஒரே சுற்றில் இரண்டும் கழிக்கும் பக்கத்தில் வந்தால் எது சிறியது என்ற குழப்பம் வரும். முதலில் வைத்ததை ε1, அடுத்ததை ε2 என்று எழுதி, ε1 சிறியது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். கணக்கு முடியும் வரை அதை மாற்றாதீர்கள்.

சிதைவு வருமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

வரத்து எண்களில் சிலவற்றின் கூட்டுத்தொகை தேவை எண்களில் சிலவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வந்தால் சிதைவுக்கு இடம் இருக்கிறது. இங்கே மேல் டிவிசனின் 20 பக்டரி 1-இன் 20-க்குச் சமம். அப்படி எந்தச் சமமும் இல்லையென்றால் சிதைவு வரவே வராது. சமம் இருந்தாலும் வந்தே தீரும் என்றில்லை. மேலே பார்த்த இரண்டாவது திட்டத்தில் வரவில்லை.

ε எங்கே வைப்பது என்று யோசிக்கவே விரும்பாதவர்களுக்கு ஒரு வழி: ஒவ்வொரு வரத்தோடும் ε-ஐக் கூட்டி, கடைசித் தேவையோடு மொத்தமாக 3ε கூட்டுங்கள். வரத்து 20 + ε, 30 + ε, 25 + ε. கடைசித் தேவை 37 + 3ε. வடமேற்கு மூலையில் தொடங்கினால் மேல்–1-இல் 20, மேல்–2-இல் ε, நடு–2-இல் 18 − ε, நடு–3-இல் 12 + 2ε, கீழ்–3-இல் 25 + ε. ஐந்து கலம் தானாகவே வந்துவிட்டது. நாம் தேடிப்பிடித்த அதே மேல்–2-இல்தான் ε வந்து உட்கார்ந்திருக்கிறது.

வரத்து தேவையைவிடக் கூடும்போது மிச்சத்துக்காகச் சேர்க்கும் போலி நிரலில் ε போடலாமா?

போடலாம், துண்டுகளை இணைத்தால். போலி நிரலில் செலவு 0 என்பதால் குறைந்த செலவு தேடுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். செலவு 0 என்பதையும் ஒதுக்கீடு ε என்பதையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் சரி. போலி நிரலைச் சேர்த்த *பிறகே* m + n − 1-ஐ எண்ண வேண்டும். பழைய நிரல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் சிதைவு இருப்பதே தெரியாமல் போய்விடும்.

எனக்கு ஆறு கலம் நிரம்பியிருக்கிறது. அது என்ன நிலை?

மூன்றுக்கு மூன்று அட்டவணையில் ஆறு என்றால் உள்ளே எங்கோ ஒரு சுற்று இருக்கிறது. அது சிதைவு அல்ல, எதிர்மாறான கோளாறு. ε தேவையில்லை. சுற்றைக் கண்டுபிடித்து, செலவு கூடாத திசையில் ஒரு கலம் காலியாகும் வரை நகர்த்துங்கள். வடமேற்கு மூலை முறையிலோ வோகல் முறையிலோ ஒழுங்காகச் செய்தால் இது வராது; வந்திருந்தால் எங்கோ அடைபட்ட நிரையில் மறுபடி எழுதியிருக்கிறீர்கள்.